நெரிசலான ஹாலில் சர்க்யூட் டிரெய்னிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏனுங்க சார், மழை வந்தா 56 பசங்களையும் ஒரே ஹாலுக்குள்ள விட வேண்டியிருக்கு. சர்க்யூட் வெச்சா பாதிப் பேர் சும்மா நிக்கிறாங்க. இதுக்கு வழி இருக்குங்களா?

இருக்கிறது. முதலில் அவர்கள் எதற்காக நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பொருளுக்காகத்தான். ஒரு பெட்டியைத் தாண்ட வேண்டும், அதற்கு 14 பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒருவருக்கு 15 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனுக்கு மறுபடி முறை வர மூன்றரை நிமிடம் ஆகும். 20 நிமிடத்தில் அவனுக்கு ஐந்தாறு முறைதான் கிடைக்கும். கூட்டிப் பார்த்தால் அவன் உடம்பு அசைந்தது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மீதி நேரம் முழுக்க முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், இல்லாவிட்டால் அவனைத் தள்ளி விளையாடுகிறான்.

அதனால் ஹாலுக்கான சர்க்யூட்டில் நான் விடாப்பிடியாக வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. எந்த ஸ்டேஷனிலும் ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்ற நிலை இருக்கக் கூடாது. இடம், சாமான், நேரம், விசில் எல்லாவற்றையும் இந்த விதிக்கு ஏற்பவே அமைக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் 56 மாணவர், 60 அடிக்கு 30 அடி ஹால், ஒரு முனையில் மேடை, எதிர் முனையில் வாசல், 40 நிமிட பீரியட் என்ற ஒரே கணக்கை வைத்து எழுதியவை. கொங்குப் பக்கம் பல பள்ளிகளின் பிரார்த்தனை ஹால் ஏறக்குறைய இந்த அமைப்பில்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை எல்லோருக்கும் உண்டு. பொள்ளாச்சி, கோவைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியிலும் சாரல் வந்துவிடுவதால் வருடத்தில் இரண்டு முறை இந்த ஏற்பாடு தேவைப்படும்.

எத்தனை ஸ்டேஷன் வைக்கணும்? எங்ககிட்ட இருக்கிற சாமானுக்குப் பத்து ஸ்டேஷன் போடலாமுங்க.

சாமானை எண்ணி ஸ்டேஷன் போடாதீர்கள், தலையை எண்ணிப் போடுங்கள். 56 பேருக்கு ஏழு ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர், அதாவது நான்கு ஜோடி. பத்து ஸ்டேஷன் போட்டால் இடம் துண்டு துண்டாகிவிடும். விளக்க வேண்டிய பயிற்சியும் பத்தாகும், ஒவ்வொரு முறை மாறும்போதும் ஹால் முழுக்க ஒரு குழப்பம் வரும். நான்கைந்து ஸ்டேஷன் மட்டும் வைத்தால் ஒன்றில் 11 முதல் 14 பேர் சேர்ந்துவிடுவார்கள், அங்கே மறுபடி வரிசை முளைத்துவிடும்.

எட்டு என்பது இரட்டைப்படை எண். இது முக்கியம், ஏனென்றால் மொத்த அமைப்பும் ஜோடியின் மேல்தான் நிற்கிறது.

ஜோடின்னா ஒருத்தன் செய்வான், இன்னொருத்தன் சும்மா நிப்பான். அதும் நிக்கிறதுதானுங்களே?

சும்மா நிற்க விட்டால் அப்படித்தான் ஆகும். ஆனால் சர்க்யூட்டில் ஓய்வு எப்படியும் வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. 30 விநாடி உடம்பு வலிக்கச் செய்தவன் அடுத்த 30 விநாடி மூச்சு வாங்கத்தான் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்து ஒரே நேரத்தில் ஓய்ந்தால் 56 பேருக்கும் ஒரே சமயத்தில் இடமும் சாமானும் வேண்டும். பாதிப் பேர் செய்யும்போது பாதிப் பேர் ஓய்ந்தால் அதே ஹாலில் 28 பேருக்கான இடமும் 28 பேருக்கான சாமானும் போதும். யாருடைய வேலையும் இதனால் குறைவதில்லை.

ஓய்வில் இருப்பவருக்கு இரண்டு வேலை கொடுங்கள். நின்ற இடத்திலேயே மெதுவாகக் கால் மாற்றி மிதிக்க வேண்டும், கூடவே தன் ஜோடியின் எண்ணிக்கையை வாய்விட்டு எண்ண வேண்டும். மிதிப்பது மூச்சை ஒரேயடியாக விழ விடாமல் பார்த்துக்கொள்ளும். எண்ணுவது கண்ணையும் காதையும் ஜோடியின் மேல் கட்டிப்போடும். வேடிக்கை பார்ப்பதும் பக்கத்து ஸ்டேஷனோடு பேசுவதும் தானாகவே குறையும். செய்பவனும் ஏமாற்ற முடியாது, எண்ணுகிறவன் எதிரில்தானே நிற்கிறான்.

ஜோடியை உயரமும் எடையும் ஏறக்குறைய ஒத்தவர்களாகச் சேர்த்துவிடுங்கள். நண்பர்களாக இருந்தால் நல்லதுதான். ஆனால் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் நண்பர்களைப் பிரித்து வைப்பதில் தயங்க வேண்டாம்.

ஹால்ல எது எங்கே வரணும்? கொஞ்சம் வரைஞ்ச மாதிரி சொல்லுங்க சார்.

முதலில் ஹாலில் கிடக்கும் பெஞ்சு, நாற்காலி எல்லாவற்றையும் மேடைமேல் ஏற்றிவிடுங்கள். சுவரோரம் அடுக்கினால் அந்தப் பக்கம் இரண்டு மூன்று அடி வீணாகும். அடுக்கிய பெஞ்சின் மேல் யாராவது மோதினால் அது சரிந்து காலில் விழும்.

இப்போது மேடையைப் பார்த்து நில்லுங்கள். மேடையின் முன்பக்கம் 6 அடி ஆழத்துக்கு ஒரு பட்டை, அகலம் முழுக்க முதல் ஸ்டேஷன். வாசல் பக்கம் 6 அடி முழுக்கக் காலி, அங்கே எதுவும் கூடாது. அவசரத்துக்கு வெளியேற அதுதான் வழி. நடுவில் மீதம் இருப்பது 48 அடி நீளம். அதை வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் மூன்று என்று பிரித்தால் ஒவ்வொன்றும் 16 அடி நீளம், 12 அடி ஆழம் வரும். இரண்டு பக்கமும் 12 அடி போக நடுவில் 6 அடி நடைபாதை மிஞ்சும்.

வலப்பக்கம் மேடையிலிருந்து வாசலை நோக்கி 2, 3, 4. இடப்பக்கம் வாசலிலிருந்து மேடையை நோக்கி 5, 6, 7. அப்புறம் மறுபடி 1. எல்லோரும் கடிகார முள் சுற்றும் திசையிலேயே நகர்வார்கள். நடைபாதையில் வலப்பக்கக் குழுக்கள் வாசலை நோக்கியும் இடப்பக்கக் குழுக்கள் மேடையை நோக்கியும் போகும், அவரவர் பக்கத்து மூன்றடிக்குள் போனால் மோதல் இருக்காது. யாரும் குறுக்கே வெட்டிப் போகக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு ஸ்டேஷனையும் சாக்பீஸால் நான்கு நான்கு அடி அகலப் பட்டைகளாகப் பிரியுங்கள். சுவரிலிருந்து நடைபாதை வரை ஒரு பட்டை ஒரு ஜோடிக்கு. படுத்துச் செய்யும் பயிற்சிக்கு ஒருவருக்கு 4 அடி அகலமும் 6 அடி நீளமும் போதும். மிச்சம் 6 அடியில் அவன் ஜோடி நின்று மிதிப்பான். இந்தக் கோடுகள் இல்லாமல் விட்டால் எட்டுப் பேரும் சுவரோரம் ஒரே மூலையில் குவிந்துவிடுவார்கள்.

என்னென்ன பயிற்சி வைக்கலாம்? வரிசை எப்படி?

ஒரே தசைக்கு அடுத்தடுத்து வேலை வரக் கூடாது. கைக்கு வேலை கொடுத்தால் அடுத்தது காலுக்கு, அதற்கு அடுத்தது வயிற்றுக்கு என்று போக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஸ்டேஷனிலேயே தோள் கடுத்து நின்றுவிடுவார்கள். பார்ப்பதற்குச் சோம்பேறித்தனம் போலத் தெரியும், உண்மையில் அது வரிசை போட்டவர் செய்த கோளாறு.

நான் வைக்கும் வரிசை இது. முதல் ஸ்டேஷனில் மேடை விளிம்பில் கை வைத்துத் தண்டால். மேடை மூன்றடி உயரம் இருந்தால் உடம்பு சாய்வாக நிற்கும். தரையில் ஒரு தண்டால்கூட எடுக்க முடியாத பிள்ளை இங்கே பத்து எடுக்கும். இரண்டாவது ஸ்கிப்பிங். மூன்றாவது தண்டால் நிலையில் நின்று ஒரு கையால் எதிர்த் தோளைத் தொட்டுத் தொட்டு மாற்றுவது. நான்காவது உட்கார்ந்து எழும் ஸ்குவாட். ஐந்தாவது இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலோடு தலைக்கு மேலே தூக்குவது. ஆறாவது நாலு கட்டத் தாவல். ஏழாவது மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது.

ஸ்கிப்பிங்கில் ஒரு நுணுக்கம் உண்டு. நான்கு பேரும் ஒரே வரிசையில் நின்று கயிறு சுற்றினால் பக்கத்துக் கயிறோடு சிக்கும். முதல் ஜோடியில் தாவுபவர் சுவர்ப் பக்கமும் எண்ணுபவர் நடைபாதைப் பக்கமும் நிற்கட்டும், அடுத்த ஜோடியில் அதை மாற்றி, அதற்கடுத்த ஜோடியில் மறுபடி மாற்றி வையுங்கள். கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரண்டு கைப்பிடியும் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமாக இருந்தால் முடிச்சுப் போட்டுக் குறைத்துவிடுங்கள், நீளக் கயிறுதான் அதிகம் தட்டும்.

ஆறாவது ஸ்டேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் அந்த இடத்தில் தரையில் ஏணிக் கட்டம் போட்டு ஓட விடுகிறார்கள். ஏணி என்றாலே ஒருவர் பின் ஒருவர்தான், அதாவது வரிசை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கூட்டல் குறி வரைந்து நான்கு கட்டம் ஆக்குங்கள், ஒரு கட்டம் ஒன்றரை அடி இருந்தால் போதும். 1, 2, 3, 4 என்று இரண்டு காலாலும் மாற்றி மாற்றித் தாவ வேண்டும். கால் வேகத்துக்கு வேலை அதேதான், காத்திருப்பு மட்டும் இல்லை. பந்து எறிதல், பெட்டி தாண்டல், ஓடி வந்து தொடுதல் போன்றவற்றையும் இதே கண்ணோடு சோதித்துப் பாருங்கள். அவற்றில் பலவும் மைதானத்துக்கு நல்லவை, நெரிசலான ஹாலில் வரிசை உண்டாக்கிவிடும்.

எங்க ஸ்கூல்ல சாமானே இல்லீங்க. டம்பெல், மேட் எதுவுமில்லை.

மேலே சொன்ன ஏழுக்கும் வேண்டியது நான்கு ஸ்கிப்பிங் கயிறு, எட்டுத் தண்ணீர் பாட்டில், சாக்பீஸ், ஒரு விசில். அவ்வளவுதான். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிறைத்தால் ஒரு கிலோ, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு கைக்கு அது போதுமான எடை. மூடியை இறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் தரையில் தண்ணீர் கசிந்து வழுக்கும்.

படுப்பதற்கு ஜமக்காளம் நம் ஊரில் எல்லாப் பள்ளியிலும் இருக்கும், பவானி பக்கத்தில் அல்லவா இருக்கிறோம். ஏழாவது ஸ்டேஷனில் மல்லாந்து செய்யும் பயிற்சிக்கு அது நன்றாக உதவும். ஆனால் வழுவழுப்பான தரையில் ஜமக்காளம் நகரும். அதன் மேல் தாவவோ தண்டால் நிலையில் நிற்கவோ விடாதீர்கள். மூன்றாவது ஸ்டேஷனுக்கு வெறும் தரைதான் பாதுகாப்பு.

எண்ணிக்கை கொடுக்கலாமா, நேரம் கொடுக்கலாமா? "20 தண்டால் முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போ"ன்னுதான் நாங்க சொல்றோம்.

கூட்டமான ஹாலுக்கு நேரம்தான். சர்க்யூட் டிரெய்னிங்கை 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்ற இருவர் உருவாக்கியபோது எண்ணிக்கை முறையைத்தான் வைத்தார்கள். அவரவருக்கு ஓர் அளவு, அதை முடித்தவுடன் அடுத்த இடத்துக்கு நகர்வது என்பதுதான் அந்த முறை. இடமும் சாமானும் தாராளமாக இருந்தால் அது அருமையான முறை, ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம்.

நம் ஹாலில் என்ன நடக்கும்? வேகமானவன் 20 விநாடியில் 20 தண்டாலை முடித்து ஸ்கிப்பிங்குக்குப் போய் நிற்பான். அங்கே கயிறு இன்னும் காலியாகியிருக்காது. மெதுவானவன் எல்லோரும் போன பிறகும் தனியாகத் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பான், எல்லோர் கண்ணும் அவன் மேலேயே இருக்கும். இரண்டு சுற்று முடிவதற்குள் ஒரு ஸ்டேஷனில் 15 பேரும் இன்னொன்றில் மூன்று பேரும் இருப்பார்கள். நேரக் கணக்கில் வலுவானவன் 30 விநாடியில் 22 எடுப்பான், வலுக் குறைந்தவன் 8 எடுப்பான், ஆனால் இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பார்கள்.

40 நிமிஷத்துல இதெல்லாம் அடங்குமுங்களா?

அடங்கும், ஆனால் சிந்தவிட நேரம் இருக்காது. ஒரு ஸ்டேஷனில் முதல் ஆள் 30 விநாடி, இரண்டாம் ஆள் 30 விநாடி, நகர்ந்து அடுத்த இடத்தில் நிற்க 20 விநாடி. மொத்தம் 80 விநாடி. ஏழு ஸ்டேஷனுக்கு 9 நிமிடம் 20 விநாடி. இரண்டு சுற்றுக்கு ஏறக்குறைய 19 நிமிடம், நடுவில் ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்க. ஆக 20 நிமிடம். வகுப்பிலிருந்து வந்து ஜோடியாக நிற்க 5, உடம்பைச் சூடாக்க 5, நினைவூட்ட 4, கடைசியில் தணிக்க 4. கூட்டினால் 38.

இதில் ஒரு மாணவன் முழு மூச்சாகச் செய்வது 14 முறை, 30 விநாடி வீதம் 7 நிமிடம். மெதுவாக மிதிப்பது இன்னொரு 7 நிமிடம். நடப்பது நான்கரை நிமிடத்துக்குச் சற்று மேல். பெட்டி தாண்டும் வரிசையில் கிடைத்த ஒன்றரை நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு பீரியட் அதை முழுக்க நிறைக்காது. அதனால்தான் கிடைக்கிற 20 நிமிடத்தில் ஒரு பகுதியைக்கூட வரிசைக்குக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

விளக்கிச் சொல்றதுக்கே பாதி பீரியட் போயிருதுங்க.

ஏழையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். முதல் வகுப்பில் எல்லோரையும் அவரவர் இடத்தில் நிற்க வைத்து, உடம்பைச் சூடாக்கும் நேரத்திலேயே ஸ்குவாட், நாலு கட்டத் தாவல், இடுப்புத் தூக்கல் மூன்றையும் எல்லோரும் சேர்ந்து செய்யட்டும். அன்றைக்கு ஏழு ஸ்டேஷனிலும் இந்த மூன்றே மாறி மாறி வரட்டும். நகர்வதும் விசிலும் பழகுவதுதான் அன்றைய பாடம். அடுத்த வகுப்பில் இரண்டு புதியது, அதற்கடுத்ததில் மீதி இரண்டு. அப்புறம் ஒவ்வொரு ஸ்டேஷன் சுவரிலும் ஓர் அட்டை: பயிற்சியின் பெயர், ஒரு குச்சிப் படம், கவனிக்க வேண்டிய ஒரே ஒரு விஷயம். ஸ்குவாட் அட்டையில் "குதிகால் தரையில்" என்று மட்டும் எழுதினால் போதும். ஐந்து குறிப்பு எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

சத்தத்துல விசில் காதுல விழறதில்லை. எப்போ மாறணும்னு தெரியாம நிக்கிறாங்க.

ஒற்றை விசில் என்றால் ஜோடிக்குள் ஆள் மாற்றம், இரட்டை விசில் என்றால் அடுத்த ஸ்டேஷன். வேறு எதற்கும் விசில் ஊதாதீர்கள். யாரையாவது அதட்டுவதற்கும் அதே விசிலை ஊதிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தம் ஆகிவிடும். தகர ஷீட் போட்ட ஹாலில் மழை அடிக்கும்போது விசிலும் கேட்காது. அப்போது விசிலோடு மேடைமேல் ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டுங்கள், எண்ணுகிறவர்கள் மேடையைப் பார்த்து நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் நடுவில் நிற்க வேண்டாம். நடுவில் நின்றால் எப்போதும் பாதிப் பேர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். மேடை மேலோ சுவரோரமோ நின்றால் ஒரே பார்வையில் ஏழு ஸ்டேஷனும் தெரியும். ஒரு ஸ்டேஷனுக்கு உதவப் போனாலும் சுவரை முதுகில் வைத்துக்கொண்டே போங்கள்.

56 பேரும் எல்லா நாளும் வர்றதில்லையே. 53 வந்தா, 51 வந்தா?

ஸ்டேஷனை மாற்ற வேண்டாம். ஜோடி உடைந்த இடத்தில் மூவர் குழு போடுங்கள். முதல் 30 விநாடியில் இருவர் செய்ய ஒருவர் எண்ணுவார். அடுத்த 30-இல் எண்ணியவரும் முன்பு செய்த இருவரில் ஒருவரும் செய்ய, மற்றவர் எண்ணுவார். அப்படியானால் ஒருவருக்கு இரட்டை வேலை வரும், அந்த ஆளை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கிப்பிங்கில் மூவர் குழுவின் ஒருவருக்குக் கயிறு இருக்காது, அவர் கயிறில்லாமலே கையைச் சுழற்றித் தாவட்டும்.

எல்லாரும் நிஜமாவே அசையறாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பார்த்தா ஹாலே அதிர்ற மாதிரிதான் இருக்கு.

சத்தம் ஏமாற்றும். பத்துப் பேர் தாவினாலே ஹால் அதிரும். இரண்டு எளிய சோதனை சொல்கிறேன்.

முதலாவது, போனில் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மெல்ல அதிரும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதிரும்போதெல்லாம் மேடையிலிருந்து இடமிருந்து வலமாக ஒரு முறை கண்ணை ஓட்டி, செய்யவும் இல்லாமல் மிதிக்கவும் இல்லாமல் நிற்பவர்களை மட்டும் எண்ணுங்கள். நகரும் 20 விநாடியில் அதிர்ந்தால் அதை விட்டுவிடுங்கள். 56-இல் நான்கைந்து பேர் என்றால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் அமைப்பில் ஏதோ கோளாறு. எண்ணை மட்டும் குறிக்காமல் எந்த ஸ்டேஷன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பதில் அங்கேதான் இருக்கும். நிற்பவர்கள் எப்போதும் இரண்டாவது ஸ்டேஷனிலேயே இருந்தால் கயிறு சிக்குகிறது என்று அர்த்தம். ஒரு குழு நகரும்போது கயிற்றைத் தரையில் எறிந்துவிட்டுப் போகிறது, வருகிற குழு சிக்கெடுத்துக்கொண்டு நிற்கிறது. பட்டைக்கு ஒரு ஆணி அல்லது நாற்காலி முதுகு கொடுத்து அதில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னால் தீர்ந்தது. நிற்பவர்கள் ஹால் முழுக்கப் பரவலாக இருந்தால் பயிற்சி கடினமாக இருக்கிறது, 30 விநாடியை அவர்களால் தாங்க முடியவில்லை. அப்போது 20 விநாடிக்கு இறக்குங்கள். இரண்டாம் சுற்றில் மட்டும் நின்றாலும் இதே காரணம்தான்.

இரண்டாவது, ஒரே ஒரு மாணவனையோ மாணவியையோ தேர்ந்து, அவர்களுக்குத் தெரியாமல் ஒரு சுற்று முழுக்க ஸ்டாப்வாட்ச் போடுங்கள். அசையும்போது ஓட்டி, நின்றால் நிறுத்துங்கள். வகுப்பில் நன்றாக விளையாடுகிறவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவர் எந்த அமைப்பிலும் ஓடிக்கொண்டுதான் இருப்பார். பின்வரிசையில் ஒதுங்கும் பிள்ளையைப் பாருங்கள். 9 நிமிடம் 20 விநாடியில் அந்தப் பிள்ளை 7 நிமிடத்துக்கு மேல் அசைந்தால் உங்கள் சர்க்யூட் வேலை செய்கிறது.

வீசிங் இருக்கிற பையன், ரொம்ப குண்டா இருக்கிற பொண்ணு, இவங்களை உட்கார வெச்சுரலாமுங்களா?

உட்கார வைக்க வேண்டாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அதே இடத்தில் ஓர் இலகுவான வடிவம் இருக்கட்டும், அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். மேடைத் தண்டாலுக்குப் பதில் சுவரில் கை வைத்துத் தண்டால், தாவலுக்குப் பதில் கட்டத்தில் கால் வைத்து நடப்பது, ஸ்குவாட்டுக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தனியாக ஒரு மூலை ஒதுக்கினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லி வராது.

வீசிங் உள்ளவரின் இன்ஹேலர் வகுப்பறைப் பையில் இருக்கக் கூடாது, ஹாலிலேயே கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவர் உடம்பைச் சூடாக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பயிற்சி முடிந்து சில நிமிடம் கழித்துத்தான் இழுப்பு வருவதும் உண்டு. அதனால் தணிக்கும் நேரத்தில் அவரை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் உடனே வகுப்புக்கு அனுப்பிவிட வேண்டாம்.

சார், ஒன்பதாவது பொண்ணுங்க சில ஸ்டேஷன்ல செய்யவே மாட்டேங்கறாங்க. என்ன செய்யறதுங்க?

எந்த ஸ்டேஷனில் என்று பாருங்கள். பெரும்பாலும் ஏழாவதாகத்தான் இருக்கும், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. அதை வாசலிலிருந்து தூரமாக, மேடையை ஒட்டிய மூலையில் நான் வைத்ததற்குக் காரணமே இதுதான். தாழ்வாரத்து ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் இது வரக் கூடாது. தேவைப்பட்டால் சுற்றும் திசையையே மாற்றிக்கொள்ளுங்கள். தலை நடைபாதைப் பக்கமும் கால் சுவர்ப் பக்கமும் இருக்கும்படி படுக்கச் சொல்லுங்கள். ஜோடி தலைமாட்டில் நின்று எண்ணட்டும். கலப்பு வகுப்பாக இருந்தால் பெண்கள் குழுக்களும் ஆண்கள் குழுக்களும் தனித்தனியாக, அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் தொடர்ந்து வரும்படி விடுங்கள். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்தால் போதாது, ஸ்கிப்பிங்கில் அவிழ்ந்து கயிற்றில் மாட்டும். கழற்றி மேடையில் வைக்க வசதி செய்து கொடுங்கள். மாதவிடாய் நாளில் இலகுவான வடிவத்தைக் கேள்வி கேட்காமல் எடுக்கலாம் என்பதை முன்பே ஓர் ஆசிரியை மூலம் சொல்லி வைத்துவிட்டால் யாரும் வந்து அனுமதி கேட்க வேண்டியிருக்காது.

மழைல நனைஞ்ச காலோட வந்தா தரை வழுக்குமே?

வழுக்கும், அதுவும் தாவும் இரண்டு ஸ்டேஷனிலும் கடுமையாக. வாசலில் இரண்டு கோணிச்சாக்கை விரித்து, அதில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வையுங்கள். சாக்ஸ் மட்டும் போட்டு யாரும் செய்யக் கூடாது. காய்ந்த ஷூ அல்லது வெறுங்கால். சாரல் உள்ளே அடிக்கும் ஜன்னல் பக்கம் ஸ்கிப்பிங்கோ நாலு கட்டமோ வந்தால் அன்றைக்கு அந்த இரண்டையும் நின்ற இடத்தில் முழங்காலைத் தூக்கி மிதிப்பதாக மாற்றிவிடுங்கள்.

ரெண்டு செக்‌ஷனைச் சேர்த்து அனுப்பிட்டாங்க. 80 பேர். அப்பவும் இதே அமைப்புதானுங்களா?

70 வரை இதே அமைப்பு தாங்கும். ஸ்டேஷனுக்கு ஐந்து ஜோடி, பட்டை ஒவ்வொன்றும் மூன்றடிக்குச் சற்று மேல் வரும். ஸ்கிப்பிங் கயிறை மட்டும் எடுத்துவிட்டுக் கயிறில்லாத் தாவல் வைக்க வேண்டும். அந்த அகலத்தில் கயிறு பக்கத்தில் நிற்பவரின் முகத்தில் அடிக்கும்.

70-ஐத் தாண்டினால் சர்க்யூட்டை விட்டுவிடுங்கள். நகர்வதற்கு இடம் இல்லாத ஹாலில் நகரும் அமைப்பு பாதுகாப்பல்ல. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, எல்லோரும் நின்ற இடத்திலேயே ஒரே பயிற்சியை 30 விநாடி செய்து 30 விநாடி மிதிக்க, பயிற்சி மட்டும் மாறிக்கொண்டே வரட்டும். தண்டாலும் படுத்துச் செய்வதும் அன்றைக்கு இல்லை. ஸ்குவாட், முழங்கால் தூக்கல், கைகளைத் தலைக்கு மேலே நீட்டி மடக்குவது, நின்ற இடத்தில் தாவுவது என்று நான்கை வைத்து ஐந்து சுற்று போனால் 20 நிமிடம் சரியாக வரும்.